ஒட்டுப்போடாத கடவுச்சொல்

2013இல் ஐரோப்பாவில் ஒருவர் தன்னிடமிருந்த 43.6 பிட்காயினை ஒரு மின்பணப்பையில் வைத்து, இருபது எழுத்துக் கடவுச்சொல் ஒன்றால் பூட்டினார். அந்தக் கடவுச்சொல்லை அவர் யோசித்து எழுதவில்லை. ரோபோஃபார்ம் என்ற மென்பொருளை ஒன்று தரச் சொன்னார், அது தந்தது. அதை மென்பொருளுக்குள்ளேயே சேமித்து வைக்கப் பயந்து, தனியாக ஒரு மறையாக்கக் கோப்பில் எழுதி வைத்தார். கொஞ்ச நாளில் அந்தக் கோப்பு கெட்டுப்போனது. பிட்காயின் விலை வருடா வருடம் ஏறியது. பணப்பை மூடியே கிடந்தது.

அதைக் கடைசியில் திறந்தவர் ஜோ கிராண்ட் என்ற அமெரிக்க வன்பொருள் ஹேக்கர். அவருக்குத் துணையாக ஜெர்மனியிலிருந்து நண்பர் ஒருவர். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று 62 எழுத்துகளிலிருந்து இருபதைப் பொறுக்கினால் கிடைக்கக்கூடிய கடவுச்சொற்களின் எண்ணிக்கை 36 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. அவர்கள் அந்த வழிக்கே போகவில்லை. மென்பொருளின் பழைய பதிப்பைப் பிரித்துப் படித்தார்கள். கடவுச்சொல்லை அது கணினியின் தேதியையும் நேரத்தையும் வைத்தே கணக்கிட்டுத் தருகிறது என்று தெரிந்தது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து அதே அமைப்பில் கேட்டால், அன்று தந்த அதே கடவுச்சொல்லை மறுபடியும் தரும். 2015இல் வந்த பதிப்பில் நிறுவனம் இதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் பணப்பை 2013ஆம் வருடத்தது.

உரியவருக்குத் தேதி நினைவில்லை. மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை என்று வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள மொத்த விநாடிகள் 80 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 36 இலக்க எண் 7 இலக்க எண்ணாகச் சுருங்கிவிட்டது. முதலில் சிறப்புக் குறிகளும் இருக்கும் என்று நினைத்துத் தேடியதில் கிடைக்கவில்லை. குறிகள் இல்லாமல் தேடியபோது கிடைத்தது. 2013 மே 15, கிரீன்விச் நேரப்படி மாலை 4 மணி 10 நிமிடம் 40 விநாடி. அந்த விநாடியில் அந்த மென்பொருளுக்குச் சொல்ல ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

அவருக்கு இது அதிர்ஷ்டம். பூட்டு என்ற அளவில் பார்த்தால், அது பூட்டே இல்லை. காஸ்பர்ஸ்கியின் கடவுச்சொல் மேலாளரிலும் இதே குறை இருந்ததை 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதிலும் நேரம்தான் மூலம், அதுவும் விநாடிக் கணக்கில். ஒரே விநாடியில் உலகில் எத்தனை பேர் பொத்தானை அழுத்தினாலும், அமைப்பு ஒன்றாக இருந்தால் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வந்திருக்கும். யாரும் கவனிக்காமல் போனதற்குக் காரணம், திரையில் எழுத்துகள் சுழல்வதுபோல் ஓர் அசைவுக் காட்சி வைத்திருந்தார்கள். அது ஓடி முடிய ஒரு விநாடிக்கு மேல் ஆகும். இரண்டாவது முறை அழுத்துவதற்குள் அடுத்த விநாடி பிறந்துவிடும்.

இன்று பைதான் கற்கும் மாணவர்கள் பலரும் முதல் மாதத்திலேயே கடவுச்சொல் உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதிவிடுகிறார்கள். பயிற்சிக்கு ஏற்ற அளவான கணக்கு அது. பத்து வரியில் முடியும், ஓட்டினால் மிரட்டலான எழுத்துக்கூட்டம் ஒன்று வந்து விழும். பார்வைக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மேலே சொன்ன இருபது எழுத்தைக் காட்டி இது வலுவானதா என்று கேட்டிருந்தால், எந்த நிபுணரும் ஆம் என்றே சொல்லியிருப்பார். குறை எழுத்துகளில் இல்லை, அவை வந்த வழியில் இருக்கிறது. ஆகவே வழியைப் பார்ப்போம்.

பைதானில் பலரும் முதலில் கைவைப்பது `random` என்ற மாட்யூலில். அதற்குள் ஓடுவது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கீடு. மகோதோ மட்சுமோதோ, தகுஜி நிஷிமுரா என்ற இரு ஜப்பானியக் கணிதர்கள் 1997இல் உருவாக்கியது. வானிலை மாதிரிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் புள்ளியியல் சோதனைகளுக்கும் நன்றாக உழைக்கிறது. ஆனால் அது கணக்கு. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அதற்கடுத்தது என்று வரிசை ஓடும். அந்தத் தொடக்க எண்ணை விதை என்பார்கள். விதை ஒன்றானால் வரிசையும் ஒன்றே. இதை யாரும் தன் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்:

```python
import random, string

random.seed(1368634240)
print("".join(random.choices(string.ascii_letters, k=20)))
```

எத்தனை முறை ஓட்டினாலும் அதே இருபது எழுத்து வரும். 1368634240 என்பது 1970 தொடங்கி விநாடிகளை எண்ணினால் 2013 மே 15 அன்று அந்த மாலை நேரத்துக்குக் கிடைக்கும் எண். ரோபோஃபார்ம் பைதானில் எழுதப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மென்பொருள் நேரத்தை விதையாக்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மூன்று வரி காட்டிவிடுகிறது.

"நான் விதையே கொடுப்பதில்லையே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விதை கொடுக்காவிட்டால், பைதான் தானாகவே இயங்குதளத்திடமிருந்து நல்ல விதையை வாங்கிக்கொள்கிறது. அப்படியும் `random` கடவுச்சொல்லுக்கு ஆகாது. மெர்சென் ட்விஸ்டரின் உள்நிலை 624 எண்களால் ஆனது, ஒவ்வொன்றும் 32 பிட். அது வெளியே தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624ஐப் பார்த்துவிட்டால், உள்நிலையை அப்படியே திரும்பக் கட்டி, இனி வரப்போகும் அத்தனையையும் சொல்லிவிடலாம். ஓர் இணையதளம் தற்காலிகக் கடவுச்சொற்களை `random` கொண்டு தருகிறது என்று வையுங்கள். ஒருவன் தன் கணக்குக்கே திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறான். ஒவ்வோர் எழுத்தும் சில பிட்டுகளைத்தான் காட்டிக்கொடுக்கும், அதனால் 624க்கு மேல் நிறைய வேண்டியிருக்கும். ஆனாலும் கணக்கு நேரியல் என்பதால் போதிய அளவு சேர்ந்ததும் விடுவித்துவிடலாம். அதன்பிறகு அடுத்த வாடிக்கையாளருக்குப் போகும் கடவுச்சொல் அவருக்குத் தெரியுமுன் இவனுக்குத் தெரியும். பைதானின் அதிகாரபூர்வ ஆவணமே இந்த மாட்யூலைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கிறது. பயிற்சிக் காணொளிகளில் பல அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சரியான வாசல் `secrets`. 2016 டிசம்பரில் வெளியான பைதான் 3.6இல் சேர்ந்தது. இது தானாக எதையும் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் போய்க் கேட்கிறது. லினக்ஸின் மையக்கருவோ வன்பொருள் குறுக்கீடுகள் வந்துசேரும் நேரங்களின் நுண்ணிய ஏற்ற இறக்கம், செயலியில் உள்ள சீரற்ற எண் மூலம் போன்றவற்றைச் சேகரித்துக் கலக்கி, அதிலிருந்து மறையாக்க முறைப்படி பைட்டுகளைத் தருகிறது. விண்டோஸுக்கும் இதுபோல் சொந்த ஏற்பாடு உண்டு. வெளியே வந்த பைட்டுகள் எத்தனையைப் பார்த்தாலும் அடுத்ததைச் சொல்ல முடியாதபடி அமைந்தவை இவை. இதற்கு விதை போடவும் வழியில்லை. இயங்குதளத்திடம் கேட்கும் `SystemRandom` என்ற வகுப்புக்கு `seed` கொடுத்துப் பார்த்தால், காதில் வாங்காததுபோல் இருந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. சிலர் `secrets`இன் வசதிகளை விட்டுவிட்டு, இயங்குதளத்திடமிருந்து நேராகப் பைட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் 94ஆல் வகுத்து, வரும் மீதியை எழுத்தாக மாற்றுகிறார்கள். விசைப்பலகையில் இடைவெளி நீங்கலாகத் தட்டக்கூடிய எழுத்துகள் 94 என்பதால் இது சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள். 256க்குள் 94 இரண்டு முறை போய் 68 மிச்சம் நிற்கும். ஆக முதல் 68 எழுத்துகளுக்கு மும்மூன்று வாய்ப்பு, கடைசி 26க்கு இரண்டிரண்டு. சில எழுத்துகள் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு அதிகம் வரும். `secrets.choice` இந்தத் தவறைச் செய்வதில்லை. அது 7 பிட் எண் ஒன்றை வாங்கும். 0 முதல் 127 வரை எதுவும் வரலாம். 94க்குக் கீழே இருந்தால் எடுத்துக்கொள்ளும். 94 அல்லது அதற்கு மேல் என்றால், அதை மடக்கி உள்ளே திணிக்காமல், தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கும். இந்த "எறிந்துவிட்டு மறுபடி எடு" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் பெரிய கேள்விக்கும் விடை அதுவே.

கேள்வி இது. நாம் பயன்படுத்தும் தளங்கள் பலவும் நிபந்தனை போடுகின்றன: ஒரு சின்ன எழுத்தாவது, ஒரு பெரிய எழுத்தாவது, ஓர் எண்ணாவது, ஒரு சிறப்புக் குறியாவது வேண்டும். 94 எழுத்துகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 12 எடுத்தால் இந்த நான்கு வகையும் வந்துவிடுமா? பத்தில் ஏழு முறை வரும், மூன்று முறை வராது. பெரும்பாலும் தவறிப்போவது எண். சின்ன எழுத்து 26, பெரிய எழுத்து 26, குறிகள் 32 இருக்க, எண்கள் பத்தே பத்து. பன்னிரண்டு எழுத்தில் ஓர் எண்கூட இல்லாமல் போக நான்கில் ஒரு வாய்ப்புக்குச் சற்று மேலே இருக்கிறது. எட்டே எழுத்து என்றால் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வகை குறைந்துதான் வரும். நல்ல கடவுச்சொல்லைத் தளம் நிராகரிக்கும்போது எரிச்சல் வரும். நிரல் எழுதுபவர் அதற்கு மருந்து தேடுவார்.

மிக மலிவான மருந்து, முன்னால் `Aa1@` என்று ஒட்டிவிடுவது. தளம் ஏற்றுக்கொள்ளும். அந்த நான்கு எழுத்துக்கும் மதிப்பு பூஜ்யம். பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல் எட்டெழுத்தாகிவிட்டது.

அடுத்த மருந்தைப் பாடங்களில் அடிக்கடி பார்க்கலாம். வகைக்கு ஒன்றாக நான்கு எழுத்து எடு, மீதி எட்டை எல்லா எழுத்துகளிலிருந்தும் எடு, சேர்த்துவிடு. இப்படிச் சேர்த்தால் முதல் எழுத்து எப்போதும் சின்ன எழுத்து, இரண்டாவது பெரிய எழுத்து, மூன்றாவது எண், நான்காவது குறி. நான்கு இடங்களில் 7 கோடியே 80 லட்சம் சேர்க்கைகள் இருந்திருக்க வேண்டியது, 2 லட்சத்து 16 ஆயிரமாகக் குறைந்துவிடும். ஏறத்தாழ 360இல் ஒரு பங்கு. இந்தக் குறையைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்துக் கடவுச்சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு பத்தியிலும் ஒரே வகை வரிசையாக நிற்கும்.

அதைத் தீர்க்கக் கலைத்துவிடுவார்கள். கலைப்பதற்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் அடுத்த குழி. `secrets` மாட்யூலில் `shuffle` நேரடியாக இல்லை. அதனால் கை தானாக `random.shuffle`க்குப் போகும். எழுத்துகளை நல்ல மூலத்திலிருந்து எடுத்துவிட்டு, வரிசையை மெர்சென் ட்விஸ்டரிடம் ஒப்படைத்தாயிற்று. கலைத்த விதத்தைக் கணித்துவிட முடிந்தால், கலைக்காமல் விட்ட நிலைக்கே போய்விடுகிறோம். சரியான கலைப்பு இப்படி:

```python
chars = [secrets.choice(g) for g in GROUPS]
chars += [secrets.choice(ALL) for _ in range(8)]
secrets.SystemRandom().shuffle(chars)
```

இனி எல்லாம் சரிதானே என்றால், முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. இங்கே இருப்பது கண்ணுக்குத் தெரியாத சாய்வு. இரண்டு கடவுச்சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று `aB3$kT9!mR5@`. நான்கு வகையிலும் மும்மூன்று. மற்றொன்று `kkqwtmzrbA7#`. சின்ன எழுத்து ஒன்பது, மற்ற மூன்று வகையிலும் ஒவ்வொன்று. இரண்டுமே நிபந்தனைக்கு உட்பட்டவை. நியாயமான முறை என்றால் இரண்டும் வர ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும்.

மேலே உள்ள முறையில் வகைக்கு ஒன்றாக எடுத்த நான்கு எழுத்துகளை "கட்டாய எழுத்துகள்" என்று அழைப்போம். கலைத்த பிறகு அவை எந்த இடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். முதல் கடவுச்சொல்லில் கட்டாயச் சின்ன எழுத்து மூன்று இடங்களில் எதிலும் இருந்திருக்கலாம். பெரிய எழுத்தும் அப்படியே மூன்றில், எண்ணும் மூன்றில், குறியும் மூன்றில். ஆக அந்தக் கடவுச்சொல் பிறக்க 3×3×3×3, அதாவது 81 வழிகள். இரண்டாவதில் கட்டாயச் சின்ன எழுத்துக்கு ஒன்பது இடம், மற்றவற்றுக்கு ஒவ்வோர் இடம். 9×1×1×1, ஒன்பது வழிகள். ஒவ்வொரு வழிக்கும் வாய்ப்பு சமம். எனவே முதலாவது, இரண்டாவதைவிட ஒன்பது மடங்கு அதிகமாக வரும். நாம் கேட்காமலேயே நிரல் சமச்சீரான கடவுச்சொற்களின் பக்கம் சாய்கிறது.

இதனால் யாராவது நாளைக்கே உள்ளே புகுந்துவிடுவார்களா? மாட்டார்கள். பன்னிரண்டு எழுத்தில் இந்தச் சாய்வு பறிக்கும் வலு சொற்பம், இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனாலும் நிரலின் நீளமும் கூடி, தவறு செய்ய இரண்டு இடமும் வைத்து, கடைசியில் சாய்வையும் தரும் ஒரு முறையை, அதைவிடச் சுருக்கமான, சாய்வே இல்லாத முறை கையில் இருக்கும்போது ஏன் எடுக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அந்த முறை, முன்பு பார்த்த "எறிந்துவிட்டு மறுபடி எடு". ஊர்க் குழுவுக்குக் குலுக்கலில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று வையுங்கள். ஐந்தும் ஆண்களாக வந்துவிட்டால், ஒருவரை எடுத்துவிட்டு ஒரு பெண்ணை நுழைப்பது ஒரு வழி. அப்போது யாரை எடுப்பது, யாரை நுழைப்பது என்பதில் வாய்ப்பு கோணும். ஐந்து சீட்டையும் திரும்பப் பானையில் போட்டு முழுதாக மறுபடி குலுக்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் நிபந்தனைக்கு உட்பட்ட எல்லாக் குழுக்களுக்கும் சமமான வாய்ப்பு. கடவுச்சொல்லுக்கும் இதேதான்:

```python
import secrets, string

GROUPS = [string.ascii_lowercase, string.ascii_uppercase,
          string.digits, string.punctuation]
ALL = "".join(GROUPS)

def make_password(n=16):
    if n < len(GROUPS):
        raise ValueError("நீளம் போதாது")
    while True:
        p = "".join(secrets.choice(ALL) for _ in range(n))
        if all(any(c in g for c in p) for g in GROUPS):
            return p
```

உள்ளே நடப்பது இவ்வளவே. 94 எழுத்துகளிலிருந்து n எழுத்தை எடு. நான்கு வகையிலும் ஒன்றாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் கொடு, இல்லாவிட்டால் முழுக்கடவுச்சொல்லையும் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு. குறைந்த எழுத்தை மட்டும் சேர்ப்பது, ஒன்றை மாற்றுவது எதுவும் இல்லை. கலைக்கவும் தேவையில்லை, எந்த இடத்திலும் எந்த வகையும் வரலாம் என்பதால் வரிசை ஏற்கெனவே கலைந்திருக்கிறது. பைதான் ஆவணத்தில் `secrets` பக்கத்தின் கடைசியில் தரப்பட்ட மாதிரிகளில் ஒன்றும் இதே வடிவம்தான், நிபந்தனைகள் மட்டும் வேறு.

முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்குமோ என்ற பயம் இயல்பு. பன்னிரண்டு எழுத்துக்குப் பத்தில் ஏழு முறை முதல் எடுப்பிலேயே முடிந்துவிடும். சராசரி ஒன்றரை எடுப்புக்கும் குறைவு. பதினாறு எழுத்துக்கு நூற்றில் 82 முறை முதலிலேயே. மனிதக் கண் காணும் தாமதம் எதுவும் இருக்காது. நிஜமாகவே முடிவில்லாமல் சுற்றும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. யாராவது நீளத்தை 3 என்று கொடுத்துவிட்டால் மூன்று இடத்தில் நான்கு வகை எந்தக் காலத்திலும் வராது. நிரல் நின்றுபோனதுபோல் தெரியும், செயலியின் மின்விசிறி மட்டும் இரையும். அதற்காகவே மேலே நீளத்தைச் சோதிக்கும் இரண்டு வரி. அதை அழகுக்கு என்று நினைத்து நீக்கிவிட வேண்டாம்.

நிபந்தனைக்காகப் பத்தில் மூன்றை எறிகிறோமே, அதனால் நஷ்டம் இல்லையா? உண்டு. தாக்குபவருக்கும் நிபந்தனை தெரியும், அவரும் அந்த மூன்றைத் தேடமாட்டார். பிட் கணக்கில் சொன்னால், பன்னிரண்டு எழுத்தின் வலு 78.7 பிட், நிபந்தனைக்குப் பிறகு 78.1. அரை பிட்டுக்குச் சற்று மேலே போயிற்று. ஓர் எழுத்தை நீட்டினால் ஆறரை பிட் கூடும். ஆகவே நிபந்தனையால் போனதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, பன்னிரண்டைப் பதிமூன்றாக்குவது புத்திசாலித்தனம். எட்டெழுத்துக் கடவுச்சொல்லில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பாதிக்கு மேல் எறியப்படுவதால் ஒரு பிட்டுக்கு மேல் போய்விடும், அதுவும் ஏற்கெனவே மெலிந்த இடத்தில்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இப்படி எழுத்துவகை நிபந்தனைகளை விதிக்க வேண்டாம் என்றே தளங்களுக்குச் சொன்னது. மனிதர்கள் தாங்களே எழுதும்போது அந்த நிபந்தனை வலுவைக் கூட்டுவதில்லை. முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் 1ஐயும் ஆச்சரியக்குறியையும் போட்டுவிடுகிறார்கள். இயந்திரம் எடுக்கும்போதோ நிபந்தனை தேவையே இல்லை. அப்படியானால் ஏன் இவ்வளவு பாடு என்றால், நாம் போய் நிற்கும் தளங்கள் எல்லாம் அந்த வழிகாட்டியைப் படித்துவிடவில்லை. நாம் அவற்றின் வாசலில் தடுக்காமல் நுழைய வேண்டும், அதற்குக் குறைந்த விலை கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் தொல்லை தருவது பெரும்பாலும் குறிகள்தான். `string.punctuation` என்பதில் உள்ள 32 குறிகளில் மேற்கோள் குறிகளும், பின்சாய்கோடும், `<`, `>` போன்றவையும் உண்டு. சில தளங்கள் இவற்றை ஏற்பதில்லை. அதைவிட மோசம், ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு உள்ளே எதையோ வெட்டிவிடுவது. அடுத்த நாள் உள்ளே நுழைய முடியாது. அப்படிப்பட்ட தளத்துக்கு நான்காவது வரிசையை `"!@#%*-_+"` என்று நாமே எழுதிவிடலாம். நிரலில் வேறு எதையும் தொட வேண்டியதில்லை, `ALL` தானாக மாறிக்கொள்ளும். தொலைபேசியில் படித்துச் சொல்ல வேண்டிய கடவுச்சொல், அல்லது வைஃபைக்குத் தாளில் எழுதி ஒட்டுவது என்றால், ஒன்றுபோல் தெரியும் `l`, `I`, `1`, `O`, `0` ஆகியவற்றை வரிசைகளிலிருந்தே நீக்கிவிடலாம். எடுத்த பிறகு மாற்றாமல், எடுப்பதற்கு முன்பே நீக்குவதுதான் முறை. வலு சற்றுக் குறையும், ஓர் எழுத்தைக் கூட்டினால் தீர்ந்தது.

வரிசைகளை மாற்றும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, ஒரே எழுத்து இரண்டு வரிசையில் இருந்துவிடுவது. `string.ascii_letters` என்பதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் சேர்ந்தே இருக்கின்றன. அதோடு பெரிய எழுத்தைத் தனியாக இன்னொரு முறை சேர்த்தால், `ALL` வரிசையில் பெரிய எழுத்துகள் இரட்டிப்பாகி, மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. `len(ALL)` என்பதையும் `len(set(ALL))` என்பதையும் அச்சிட்டுப் பார்த்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்ப்பதே வழி. மற்றது `string.printable`. பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் அதில் ஒரே அடியாக வாங்கிவிடலாம் என்று தோன்றும். அதில் நூறு எழுத்துகள், 94க்கு மேல் உள்ள ஆறும் இடைவெளி, தாவல், வரிமுறிவு வகையறா. கடவுச்சொல்லின் நடுவே ஒரு வரிமுறிவு வந்து உட்கார்ந்தால், அதை எந்தப் பெட்டியிலும் தட்ட முடியாது.

நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையும் ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து ஒரே எழுத்து வரக்கூடாது, எண்ணில் தொடங்கக்கூடாது, எந்த எழுத்தும் இரண்டு முறை வரக்கூடாது. `kkqw` என்று தொடங்குவது நமக்குச் சீரற்றதாகத் தோன்றுவதில்லை, அதனால் இந்த ஆசை. தளம் கேட்டால் தவிர இவை எதையும் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். இரண்டு `k` அடுத்தடுத்து வருவது நல்ல மூலம் எப்போதாவது செய்யும் வேலை. அதைத் தடுப்பதால் தாக்குபவருக்குத்தான் தேடும் இடம் குறைகிறது.

கடைசியாக ஒன்று, நிரலைத் தாண்டியது. `print` செய்த கடவுச்சொல் திரையின் பின்வரிகளில் கிடக்கும். அடுத்து அந்த இருக்கையில் உட்காருபவர் மேலே உருட்டினால் தெரியும். நிரலின் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டால் அது காப்புநகல்களோடு ஊரெல்லாம் போகும். கட்டளை வரியில் இன்னொரு நிரலுக்குக் கடவுச்சொல்லை அளபுருவாகத் தட்டினால் ஷெல் வரலாற்றில் தங்கும். உருவானதை நேராகக் கடவுச்சொல் மேலாளரில் ஒட்டிவிட்டு முனையச் சாளரத்தை மூடிவிடுவதே எளிய ஏற்பாடு. முதலில் சொன்ன பணப்பைக்காரரும் தனிக் கோப்பில் எழுதி வைத்தவர்தான். அவர் செய்யாமல் விட்டது அந்தக் கோப்பின் இரண்டாவது நகல்.